"டிடி போட்டாச்சு டாக்டர்"

அந்த அம்மா தையல் வேலை செய்பவர். வயது 46. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டின் பின்புறம் விறகுக் குவியலில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. மழை வருகிறதே என்று குட்டிகளைத் திண்ணைக்கு மாற்றப் போனபோது தாய்ப்பூனை வலது ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. மாலை ஆறு மணி. வாளித் தண்ணீரில் விரலை முக்கி எடுத்தார், மஞ்சளைப் பூசினார், தெருமுனை மருந்துக்கடையில் ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டார். கடைக்காரர் ஐந்து நாளுக்குச் செஃபலெக்சின் மாத்திரையும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது விரல் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. சிவப்பு புறங்கை வரை ஏறியிருந்தது.

"ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது டாக்டர். பூனைதானேன்னு விட்டுட்டேன்."

"நாய்க்கடி ஊசி போட்டீங்களாம்மா?"

"டிடி போட்டாச்சு டாக்டர். அப்புறம், கடிச்சது நாய் இல்லையே?"

புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்த இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியங்களில் இதுவும் ஒன்று. அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. டிடி ஊசி ரேபிஸைத் தடுக்காது. அந்த ஊசிக்கும் வெறிநாய்க்கடிக்கும் சம்பந்தமே கிடையாது. பூனைக்கடியும் சின்னக் கடி இல்லை. விரலைப் பொறுத்தவரை நாய்க்கடியைவிட மோசமானது.

ஒரு விலங்கு கடிக்கும்போது உடம்புக்குள் மூன்று விதமான ஆபத்துகள் நுழையலாம். விலங்கின் வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். மண்ணிலிருந்து ஒட்டிவரும் டெட்டனஸ் கிருமி, அதாவது இரணஜன்னி, மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தலைகாட்டும். எச்சிலில் இருக்கும் ரேபிஸ் வைரஸ் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் வெளிப்படும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்ததும் உண்டு, ஒரு வருடம் தாண்டி வந்ததும் உண்டு. மூன்றும் வேறு வேறு கிருமிகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தொடாது. மூன்றுக்கும் பொதுவாக உதவும் வேலை ஒன்றே ஒன்றுதான். கழுவுவது.

வாளியில் முக்கி எடுப்பதைக் கழுவுவது என்று சொல்ல முடியாது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் காயத்தைப் பிடித்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். மூன்று சினிமாப் பாட்டு ஓடி முடியும் நேரம் அது. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தால் மிக நீளமாகத் தெரியும். பலரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ரேபிஸ் வைரஸுக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைத்தான் அந்த உறையிலும் செய்கிறது. உறை போனால் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. நரம்பைப் பிடிப்பதற்கு முன்பு அதைக் கொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது. பாக்டீரியாவும் மண்ணும் அதே தண்ணீரில் வெளியேறும். கழுவியபின் பொவிடோன் அயோடின் கரைசலைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை காயத்தை எரிச்சலூட்டும், உள்ளே அழுக்கைச் சேர்க்கும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாதபடி மறைக்கும்.

அந்த அம்மாவின் விரலுக்கு வருகிறேன். மஞ்சளைக் கழுவி எடுத்த பிறகு பார்த்தால், நடு மூட்டின் மேல் குண்டூசி குத்தியதுபோல இரண்டே இரண்டு புள்ளிகள். கடித்த அன்றைக்கு அவருக்கு அது பெரிதாகத் தெரியாததில் வியப்பில்லை. நாயின் பல் தடித்தது. அது தோலைக் கிழிக்கும், நசுக்கும். காயம் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வாய் திறந்திருப்பதால் கழுவ முடியும். பூனையின் பல்லோ ஊசி போன்றது. தோல், தசைநாண், சில சமயம் மூட்டின் உறை வரை நேராக இறங்கி எச்சிலை அங்கே விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மேலே இருக்கும் துளை சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். விரலில் சதையும் குறைவு. தோலுக்கு அடியிலேயே நாணும் மூட்டும் இருக்கின்றன. மருத்துவம் தேடி வரும் பூனைக்கடிகளில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை சீழ்ப்பிடிப்பதும், நாய்க்கடியில் அது வெகுவாகக் குறைந்திருப்பதும் இதனால்தான்.

பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. நாயின் வாயிலும் உண்டு, பூனையில் அதிகம். கடித்த 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வீக்கமும் சிவப்பும் தெறிக்கும் வலியும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவாகச் சீழ் கட்டினால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை. இவற்றோடு காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் கலந்தே இருக்கும். ஒரு கடிக்காயத்தில் ஒரு கிருமி மட்டும் இருப்பது அரிது.

மருந்துக்கடைக்காரர் கொடுத்த செஃபலெக்சின் சாதாரண தோல்புண்ணுக்கு நல்ல மருந்து. ஸ்டஃபைலோகாக்கஸை அடக்கும். ஆனால் பாஸ்சுரெல்லாவிடம் அது மிகவும் பலவீனமானது. எரித்ரோமைசினும் அப்படியே. கிளிண்டாமைசினைத் தனியாகக் கொடுத்தாலும் அதே கதைதான். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையில் அந்த அம்மா இரவு முழுவதும் பொறுத்திருந்தார். உள்ளே கிருமி தடையில்லாமல் பெருகிக்கொண்டிருந்தது.

கடிக்காயத்துக்கு உலகெங்கும் முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை. நம் ஊரில் 625 என்று எண்ணைச் சொல்லியே கேட்பார்கள். 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலனேட். பாஸ்சுரெல்லாவை அமாக்சிசிலினே கொன்றுவிடும். ஆனால் கூட வரும் ஸ்டஃபைலோகாக்கஸும் காற்றில்லாக் கிருமிகளும் அமாக்சிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதியை முடக்குவதுதான் கிளாவுலனேட்டின் வேலை. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு மெட்ரோனிடசோல் சேர்த்துக் கொடுப்போம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேறு சேர்க்கைகள் இருக்கின்றன. அதை மருத்துவர்தான் எழுத வேண்டும், கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

எல்லாக் கடிக்கும் இந்த மாத்திரை வேண்டுமா? வேண்டாம். கெண்டைக்காலில் நாய் லேசாகப் பல் பதித்து, காயம் மேலோட்டமாக, ஆள் ஆரோக்கியமாக இருந்தால் நன்றாகக் கழுவுவதே போதும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எதற்கும் ஆன்டிபயாட்டிக் எழுதும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது, எழுதாவிட்டால் திருப்தியில்லாமல் போகும் பழக்கம் நோயாளிகளிடமும் இருக்கிறது. தடுப்புக்காகக் கொடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம்தான். காயம் எங்கே, எவ்வளவு ஆழம் என்பது ஒன்று. கை, முகம், மூட்டுக்குப் பக்கம், எலும்பைத் தொட்டிருக்கும் ஆழம், பூனையின் ஊசித்துளை, நசுங்கிய சதை, தையல் போட்டே ஆக வேண்டிய காயம் என்றால் கொடுப்பேன். அந்த உடம்பு யாருடையது என்பது இன்னொன்று. சர்க்கரை நோய், கல்லீரல் கெட்டுப்போனவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், மண்ணீரலை எடுத்துவிட்டவர்கள் என்றால் சின்னக் கடிக்கும் கொடுப்பேன். மண்ணீரல் இல்லாதவர்களுக்கும் நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் நாயின் எச்சிலில் இருக்கும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் பரவி உயிரை எடுக்கக்கூடியது. காயம் பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், ஆள் காய்ச்சலில் சுருண்டு கிடப்பார். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் நாய் கடித்ததை மட்டும் சொன்னால் போதாது, மண்ணீரல் எடுத்ததையும் சொல்ல வேண்டும்.

தடுப்புக்கென்றால் மூன்றிலிருந்து ஐந்து நாள் மாத்திரை. அந்த அம்மா கடித்த மாலையே வந்திருந்தால் இவ்வளவில் முடிந்திருக்கும். பூனைக்கடி, கை, மூட்டின் மேல், சர்க்கரை என நான்கு காரணங்களும் அவர் விரலில் ஒன்றுகூடியிருந்தன. பதினாறு மணி நேரம் கழித்து வந்ததால் தடுப்பு என்ற கட்டம் கடந்துபோய்விட்டது. இனி அது சிகிச்சை.

விரலைப் பார்க்கும்போது எனக்கு இருந்த பெரிய பயம் நாணின் உறைக்குள் சீழ் போயிருக்குமோ என்பதுதான். போயிருந்தால் விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியிருக்கும், கொஞ்சம் மடங்கியே நிற்கும், உள்ளங்கைப் பக்கம் நாணின் தடத்தில் தொட்டாலே துடிப்பார், நாம் மெல்ல நிமிர்த்தினால் அலறுவார். இந்த நான்கும் தெரிந்தால் மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே கை அறுவை மருத்துவர் திறந்து கழுவ வேண்டும், இல்லையென்றால் நாண் அழுகி விரல் விறைத்துவிடும். அவருக்கு வீக்கம் மேல்பக்கம்தான் இருந்தது. நிமிர்த்தியபோது வலித்தது, ஆனால் அலறவில்லை. மூட்டிலோ எலும்பிலோ பல் துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தோம், இல்லை. வார்டில் சேர்த்து, கையை உயர்த்தித் தொங்கவிட்டு, அதே மருந்தை இரண்டு நாள் நரம்பு வழியாக ஏற்றினோம். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தோம். மறுநாள் காலை சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது. பிறகு மாத்திரைக்கு மாற்றி மொத்தம் பத்து நாள் கொடுத்தோம். துளையில் தையல் எதுவும் போடவில்லை. கடிக்காயத்தை மூடினால் கிருமியையும் சேர்த்து மூடுகிறோம்.

அடுத்தது அவர் போட்டுக்கொண்ட டிடி. டிடி என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இப்போது அரசுத் திட்டத்தில் போடுவது டெட்டனஸோடு டிஃப்தீரியாவுக்கும் சேர்த்த டிடி ஊசி. ஒவ்வொரு கடிக்கும் இதைப் போட்டாக வேண்டும் என்பதில்லை. வாழ்நாளில் மூன்று தவணையாவது முறையாகப் போட்டவரா, கடைசித் தவணை எப்போது என்பதுதான் கேள்வி. கடிக்காயம் அழுக்குக் காயம் என்ற கணக்கில் வருவதால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒரு தவணை போட வேண்டும். ஐந்து வயது ஊசியை ஒழுங்காகப் போட்ட ஆறு வயதுப் பிள்ளையை நாய் கடித்தால் டெட்டனஸுக்கு அன்று எதுவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு மறுபடி மறுபடி டிடி போட்டுவிட்டு ரேபிஸ் ஊசியை மறப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு நிலைமை நேர் எதிர். முதல் பிரசவத்தின்போது இரண்டு ஊசி போட்ட ஞாபகம் இருந்தது, அட்டை இல்லை, சிறு வயதில் போட்டதா என்று சொல்ல யாரும் இல்லை. மூன்று தவணை ஆனதா என்று தெரியாதவருக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பைத் தூண்டி எதிர்ப்புப் பொருளை உருவாக்கக் கொஞ்ச காலம் எடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பத் தயார்நிலையில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை, டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட்டை, வேறு இடத்தில் ஊசியாகப் போட்டோம். முந்தைய நாள் கடையில் போட்டதை முதல் தவணையாகக் கணக்கில் எடுத்து, நான்கு வாரம் கழித்து ஒன்றும் அதிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒன்றும் எழுதிக் கொடுத்தேன்.

ரேபிஸைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது. "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசியா டாக்டர்?" அந்த ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்து. டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911-இல் கசௌலியில் உருவாக்கிய முறை அது. நம் பெற்றோர் தலைமுறை அனுபவித்த அந்த வலி 2005-ஐ ஒட்டி இந்தியாவில் முடிவுக்கு வந்துவிட்டது. பயம் மட்டும் மிச்சமிருக்கிறது. இன்றைக்கு அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறைதான். இரண்டு புஜத்திலும் ஆளுக்கு 0.1 மில்லி, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 28-ஆம் நாள் என நான்கு முறை. எண்ணும்போது முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தசையில் போடுபவர்கள் 14-ஆம் நாளும் சேர்த்து ஐந்து தவணை போடுவார்கள். புட்டத்தில் போடக் கூடாது, அங்கே கொழுப்பில் தங்கி மருந்து சரியாக வேலை செய்யாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

பூனைக்கும் ரேபிஸ் வரும், குரங்குக்கும் கீரிக்கும் நரிக்கும் மாட்டுக்கும் வரும். கடித்தது எந்தப் பாலூட்டி என்பதைவிட எப்படிக் கடித்தது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். காயமில்லாத தோலை நக்கினால் ஊசி வேண்டாம். ரத்தம் வராமல் தோல் லேசாக உரிந்திருந்தால் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்து ஒரு சொட்டு ரத்தம் வந்திருந்தாலும், புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டிருந்தாலும் அது மூன்றாம் வகை. குண்டூசிப் புள்ளி என்றாலும் அது மூன்றாம் வகைதான். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும். மக்கள் சீரம் என்று சொல்வது இதைத்தான்.

அதிகம் தவறிப்போவதும் இந்தச் சீரம்தான். தடுப்பூசி போட்ட பிறகு உடம்பு தன் எதிர்ப்பை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் கிடக்கும் வைரஸை அங்கேயே மடக்கிப் பிடிப்பது சீரம். அதனால் அதைக் கையிலோ தொடையிலோ போட்டுவிட்டு அனுப்பினால் போதாது, காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் ஏற்ற வேண்டும். குதிரையிலிருந்து எடுப்பது என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுப்பது என்றால் 20 யூனிட். 15 கிலோ குழந்தையின் கன்னத்தில் நாய் கடித்தால் குதிரைச் சீரம் 600 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் என்பதால் இரண்டு மில்லி. காயங்கள் பல இருந்து இரண்டு மில்லி போதாவிட்டால் உப்புக்கரைசல் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் போக வைப்போம். முகக்காயத்துக்குத் தையல் தேவைப்பட்டால் சீரம் ஏற்றி, சில மணி நேரம் விட்டு, தளர்வாக ஒன்றிரண்டு தையல் மட்டும்.

60 கிலோ எடையுள்ள அந்த அம்மாவுக்குக் கணக்குப்படி எட்டு மில்லி வரும். ஆனால் விரலுக்குள் ஒரு மில்லி போவதே அதிகம், மீறி அழுத்தினால் ரத்த ஓட்டம் நெரிபடும். போகும் அளவு மட்டும் மெதுவாக ஏற்றினேன். மிச்சத்தைத் தொலைவில் வேறு தசையில் போடுவதால் பெரிய பயன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிவிட்டது. காயத்தில் சீழ்ப்பிடித்திருந்தது சீரத்துக்குத் தடையில்லை, ஆன்டிபயாட்டிக் பாதுகாப்பில் ஏற்றலாம். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். விரல் நுனியும் முகமும் நரம்பு நெருங்கிய இடங்கள் என்பதால் அங்கே கடிபட்டவர்களிடம் சீரத்தை நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் சீரத்துக்கு வேலை இல்லை. ஏற்கெனவே முழுத் தவணை ரேபிஸ் ஊசி போட்டவரை மறுபடி கடித்தாலும் சீரம் தேவையில்லை, இரண்டே இரண்டு நினைவூட்டல் ஊசி, முதல் நாளும் மூன்றாம் நாளும்.

"பூனையைப் பத்து நாள் பாத்துட்டு ஊசி போட்டுக்கலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பத்து நாள் பார்ப்பது நல்ல வழிதான், நாய்க்கும் பூனைக்கும் மட்டும் அது பொருந்தும். எச்சிலில் வைரஸ் இருக்கும் நாயும் பூனையும் பத்து நாளுக்குள் நோயில் விழுந்து செத்துவிடும். ஆனால் பார்த்துக்கொண்டே ஊசியையும் தொடங்க வேண்டும், பார்த்து முடித்தபின் தொடங்கக் கூடாது. அந்தத் தாய்ப்பூனை பத்தாம் நாளும் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நன்றாகவே இருந்தது. அதற்குள் மூன்று தவணை முடிந்திருந்தது. விதிப்படி நிறுத்தியிருக்கலாம். தெருவில் பூனைகள் திரியும் வீடு என்பதால் நான்காவதையும் போட்டு முடிக்கச் சொன்னேன், வந்தார். விரலின் நடு மூட்டு இன்றும் முழுதாக மடங்குவதில்லை. ஊசியில் நூல் கோக்க இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் ஒருவரை இரண்டு வாரத்துக்கு முன்போ இரண்டு மாதத்துக்கு முன்போ நாயோ பூனையோ குரங்கோ கடித்திருக்கலாம். டிடி மட்டும் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் எங்களிடம் மருந்து இல்லை. அறிகுறி தோன்றாதவரை தடுப்பூசிக்குக் காலம் கடந்துவிட்டது என்ற பேச்சே இல்லை. அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். இன்றைக்கே போய், நடந்ததைச் சொல்லி, முதல் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள்.